கண்ணாடி இடவலத்தை மாற்றுகிறது, மேல் கீழை ஏன் விட்டுவிடுகிறது? வீட்டிலேயே செய்து பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

பீரோ கண்ணாடியின் முன் நின்று, கடிகாரம் கட்டிய இடது கையைத் தூக்குகிறீர்கள். உள்ளே இருப்பவர் வலது கையில் கடிகாரம் கட்டியிருக்கிறார். ஆனால் அவருடைய தலை மேலேதான் இருக்கிறது, கால் தரையில்தான் இருக்கிறது. இடமும் வலமும் மாறியபோது மேலும் கீழும் மட்டும் ஏன் தப்பித்தன?

கண்ணாடி என்பது வழவழப்பான ஒரு தட்டை, அவ்வளவுதான். அதற்கு மேல் எது, பக்கம் எது என்று தெரியாது. சுவரிலிருந்து கழற்றி, கால் வட்டம் திருப்பி மாட்டிப் பாருங்கள். சட்டம் படுத்துக்கொள்ளும், உள்ளே தெரியும் உருவம் கொஞ்சமும் மாறாது. அப்படியென்றால் ஒரு திசையை மாற்றி இன்னொன்றை விட்டுவிடும் ஓரவஞ்சனை எங்கிருந்து வருகிறது?

பள்ளியில் எனக்கு இதற்குக் கிடைத்த பதில் 'இடவல மாற்றம்' என்ற ஒரு சொல். தேர்வில் அதை எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. ஆனால் அது நிகழ்ச்சிக்கு வைத்த பெயர், காரணம் அல்ல. அந்தப் பெயரே தவறான இடத்தில் நம்மைத் தேட வைக்கிறது என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. கண்ணாடி இடவலத்தை மாற்றுவதில்லை. அது மாற்றும் திசை வேறு. இதை நான் சொல்லி நம்புவதைவிட நீங்களே செய்து பார்ப்பது நல்லது. ஒரு மணி நேரம் போதும்.

தேவையானவை: சுவரில் மாட்டிய பெரிய கண்ணாடி ஒன்று, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் (ஸ்டேஷனரி கடையில் ஓஎச்பி ஷீட் என்று கேட்டால் தருவார்கள், தெளிவான ஃபைல் கவரும் போதும்), மார்க்கர் பேனா, ஒரு வெள்ளைத் தாள், கையளவு செவ்வகக் கண்ணாடிகள் இரண்டு, செல்லோடேப். வீட்டில் சங்கு இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முதல் படி: இடம், வலம் என்ற சொற்களைத் தள்ளி வையுங்கள்

குழப்பத்தின் பாதி இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்ச நேரம் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்றே பேசுவோம். கண்ணாடி வடக்குச் சுவரில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் வேறு சுவரில் இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கண்ணாடியைப் பார்த்து, அதாவது வடக்கு முகமாக, ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள். உங்கள் வலது கை கிழக்கே இருக்கும். இப்போது மூன்று அசைவுகளைச் செய்யுங்கள்.

கிழக்குப் பக்கம் ஓர் அடி நகருங்கள். பிம்பமும் கிழக்கே ஓர் அடி நகர்கிறது. உங்கள் கிழக்குக் கையை ஆட்டினால் பிம்பத்தின் கிழக்குக் கை ஆடுகிறது. மேற்குக் கையில் கடிகாரம் இருந்தால் பிம்பத்துக்கும் மேற்குக் கையில்தான் கடிகாரம்.

அப்புறம் குதித்துப் பாருங்கள். நீங்கள் மேலே போகும்போது அதுவும் மேலே போகிறது.

கடைசியாக, கண்ணாடியை நோக்கி ஓர் அடி வையுங்கள். நீங்கள் வடக்கே நகர்ந்தீர்கள். பிம்பம் உங்களை நோக்கி வந்தது, அதாவது தெற்கே நகர்ந்தது. உங்கள் மூக்கு வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மூக்கு தெற்கே நீட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்று அசைவுகளில் எதிராக நடந்தது ஒன்றுதான், அதுவும் கண்ணாடிக்கு நேர்க்குத்தான திசையில் நடந்தது. கிழக்கு மேற்கும் மாறவில்லை, மேல் கீழும் மாறவில்லை. இரண்டையும் கண்ணாடி ஒரே மாதிரிதான் நடத்துகிறது. அது முன்பின் திசையை மட்டும் புரட்டிப்போடுகிறது.

கணக்கில் எழுதிப் பார்க்க விரும்புபவர்களுக்கு: கிழக்கை x, உயரத்தை y, கண்ணாடியிலிருந்து தூரத்தை z என்று வைத்தால், கண்ணாடி செய்வது இவ்வளவுதான்.

```
(x, y, z)  →  (x, y, −z)
```

x-இலும் y-இலும் கை வைக்கவே இல்லை. ஒரு மீட்டர் முன்னால் இருப்பது ஒரு மீட்டர் பின்னால் போகிறது, அவ்வளவே.

பிம்பத்தை மனதில் பிடிக்க இன்னொரு வழி இருக்கிறது. மெல்லிய ரப்பரில் செய்த முகமூடி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மூக்கை விரலால் பின்பக்கமாக அழுத்தித் தள்ளினால் முகம் மறுபக்கம் புடைத்துக்கொண்டு வரும். காது இருந்த பக்கமே இருக்கும், நெற்றியும் மேலேயே இருக்கும். முன்னால் இருந்தது மட்டும் பின்னால் போயிருக்கும். கண்ணாடிக்குள் நிற்பவர் இப்படிப் புடைக்க வைக்கப்பட்ட நீங்கள்தான். திரும்பி உங்களைப் பார்த்து நிற்கும் இன்னொரு மனிதர் அல்ல. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், நான்காம் படியில் இதுதான் முழு விடை.

இரண்டாம் படி: எழுத்தைக் காட்டுங்கள்

"சரி, ஆனால் எழுத்து தலைமாறித் தெரிகிறதே, அது கண்ணெதிரே நடக்கிறதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் பிளாஸ்டிக் தாள்.

அதில் பெரிதாக 'பட' என்று எழுதுங்கள். இந்த இரண்டு எழுத்துகளை ஒரு காரணத்துக்காகத்தான் சொல்கிறேன். 'ப' இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும், மேலும் கீழும் வேறு: கீழே கோடு, மேலே திறப்பு. 'ட' எந்தப் பக்கம் புரட்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது தாளை உங்களுக்கு நேராக, படிக்கத் தோதாகப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். தாள் தெளிவானது என்பதால் அதன் ஊடாகக் கண்ணாடியும் தெரியும். கையில் உள்ள எழுத்தையும் கண்ணாடியில் உள்ள எழுத்தையும் மாறி மாறிப் பாருங்கள். கண்ணாடியிலும் 'பட' என்றே நேராகப் படிக்கிறது. இடம் வலம் மாறவில்லை.

இதை முதன்முறை செய்தபோது நான் தாளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறேனா என்று இரண்டு தடவை பார்த்தேன். அதே கண்ணாடி, அதே எழுத்து. வெள்ளைத் தாளில் எழுதினால் தலைமாறுகிறது, தெளிவான தாளில் எழுதினால் மாறவில்லை. அப்படியென்றால் வேறுபாடு கண்ணாடியில் இல்லை, நாம் தாளைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது.

வெள்ளைத் தாளில் எழுதியதைக் கண்ணாடியில் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் ஒன்று செய்தே ஆகவேண்டும்: எழுத்து கண்ணாடியைப் பார்க்கும்படி தாளைத் திருப்ப வேண்டும். தெளிவான தாளுக்கு அது தேவைப்படவில்லை. இடவலத்தை மாற்றியது அந்தத் திருப்பல். நம் கை செய்த வேலையைக் கண்ணாடியின் தலையில் கட்டிவிட்டோம்.

மூன்றாம் படி: தாளை இரண்டு விதமாகத் திருப்புங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இது. மற்றதை எல்லாம் விட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

வெள்ளைத் தாளில் அதே 'பட' என்று எழுதி, உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். முதலில் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போல, பக்கவாட்டில் திருப்பிக் கண்ணாடிக்குக் காட்டுங்கள். 'ட' இடப்பக்கமும் 'ப' வலப்பக்கமும் போய்விட்டன. 'ட'வின் நெட்டுக்கோடு வலப்பக்கம் நிற்கிறது. 'ப' அப்படியே இருக்கிறது. நமக்குப் பழகிய தலைமாற்றம் இதுதான்.

மறுபடி தாளை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது மாதக் காலண்டரின் தாளை மேலே தூக்கிப் புரட்டுவோமே, அது போல, கீழ் விளிம்பைத் தூக்கி மேலே கொண்டுபோய்த் திருப்பிக் காட்டுங்கள். கண்ணாடியைப் பாருங்கள். 'ப' இடப்பக்கமே இருக்கிறது, 'ட' வலப்பக்கமே இருக்கிறது. எழுத்துகளின் வரிசை கெடவில்லை. ஆனால் 'ப' குப்புறக் கவிழ்ந்து, திறப்பு கீழே போய்விட்டது. 'ட'வின் அடிக்கோடு உச்சிக்குப் போய்விட்டது. இடவலம் மாறவில்லை, மேல் கீழ் மாறிவிட்டது.

நீங்கள் மேல் கீழைக் கண்ணாடியில் மாற்றிவிட்டீர்கள். கண்ணாடியைத் தொடவே இல்லை.

இங்கே சிலருக்கு முடிவு வேறு மாதிரி வரும். பெரும்பாலும் தாளைத் திருப்பும்போது கைமணிக்கட்டு தானாகச் சுழன்று, இரண்டு திருப்பலும் கலந்துவிடுவதுதான் காரணம். தாளின் இரு பக்க விளிம்புகளையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, கிழக்கு விளிம்பு கிழக்கேயே இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பினால் சரியாக வரும்.

ஆம்புலன்ஸின் முகப்பில் எழுத்தை ஏன் தலைமாற்றி எழுதுகிறார்கள் என்பதும் இதே கதைதான். அந்த எழுத்து முன்னால் போகும் ஓட்டுநரின் முதுகைப் பார்த்து இருக்கிறது. அவர் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தால், சாதாரணமாக எழுதிய எழுத்து நேராகவே படிக்கும். வண்டி ஓட்டுபவர் திரும்ப முடியாது, திரும்பாமலே பின்னால் பார்க்கத்தான் அந்தச் சின்னக் கண்ணாடி. திரும்பிப் பார்ப்பதற்கும் திரும்பாமல் பார்ப்பதற்கும் உள்ள இடவல வேறுபாட்டை வண்டிக்குப் பெயர் எழுதுபவர் முன்கூட்டியே சரிக்கட்டி வைக்கிறார். கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள்: வலப்பக்கமாக முந்த வரும் லாரி அந்தக் கண்ணாடியிலும் வலப்பக்கம்தான் தெரியும். கண்ணாடி உண்மையில் பக்கங்களை மாற்றினால் சாலையில் ஒருவரும் ஓட்ட முடியாது.

நான்காம் படி: தாளைப் புரிந்தது, என் உடம்பை?

தாளை நான் கையால் திருப்பினேன். என் உடம்பை யாரும் திருப்பவில்லையே, பின் ஏன் பிம்பத்தின் கடிகாரம் வலது கைக்குப் போனது?

இங்கே 'இடது' என்ற சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பார்க்க வேண்டும். மேல் என்பதைத் தலையை வைத்துச் சொல்கிறோம். முன் என்பதை முகத்தை வைத்துச் சொல்கிறோம். இடம், வலம் அப்படி இல்லை. ஒருவரின் தலை எங்கே, முகம் எங்கே என்று தெரிந்த பிறகுதான் அவருடைய இடது எது என்று சொல்ல முடியும். கிழக்குப் பக்கக் கை வலது கையா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. அவர் வடக்கே பார்த்தால் ஆம், தெற்கே பார்த்தால் இல்லை. இடவலம் மற்ற இரண்டையும் சார்ந்த மூன்றாவது திசை.

கண்ணாடி உங்கள் முகத்தைத் தெற்கே திருப்பியது. தலையை விட்டுவிட்டது. கடிகாரம் கட்டிய கையை மேற்கேயே விட்டுவிட்டது. தெற்கே பார்த்து நேராக நிற்பவரின் மேற்குப் பக்கக் கைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் வலது கை. கை நகரவில்லை, அதன் பெயர் மாறிவிட்டது.

இப்படிப் பெயர் வைக்கும்போது மனம் ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. உள்ளே நிற்பவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிறது. கண்ணாடியைச் சுற்றிப் பின்னால் நடந்து போய், திரும்பி நிற்பதாக நினைத்துக்கொள்கிறது. அது நெட்டுக்குத்தான அச்சில் ஒரு அரை வட்டச் சுழற்சி.

```
கண்ணாடி:              (x, y, z)  →  ( x, y, −z)
நடந்துபோய்த் திரும்பல்:  (x, y, z)  →  (−x, y, −z)
```

இரண்டுக்கும் வேறுபாடு x-இல் மட்டும். அதைத்தான் 'இடவலம் மாறிவிட்டது' என்கிறோம். நடந்துபோய்த் திரும்புவதற்குப் பதில், கண்ணாடிக்கு மேலாகக் குட்டிக்கரணம் போட்டு மறுபக்கம் தலைகீழாக நிற்பதாக நினைத்துப் பாருங்கள். அப்போது கடிகாரக் கை மேற்கேயே இருக்கும், பிம்பத்தோடு பக்கங்கள் ஒத்துப்போகும். தலைதான் ஒத்துப்போகாது. அப்படி ஒப்பிடுபவருக்குக் கண்ணாடி மேல் கீழை மாற்றுவதாகத் தோன்றும். கணக்கில் இரண்டு ஒப்பீடும் சமம்தான்.

ஆனால் யாரும் குட்டிக்கரணம் போடுவதாக நினைப்பதில்லை. காரணம் நம் உடம்பு. இரண்டு கை, இரண்டு கண், இரண்டு காது என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. தலைக்கும் காலுக்கும் அந்த ஒற்றுமை இல்லை. நடந்துபோய்த் திரும்பி நின்றால் நம் உருவம் பிம்பத்தோடு கடிகாரம், வகிடு, மச்சம் தவிர எல்லாவற்றிலும் பொருந்துகிறது. கரணம் போட்டு நின்றால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பாதம் வருகிறது. அதோடு, நிமிர்ந்து நடக்கும் நாம் ஒருவரையொருவர் எதிர்கொள்வதெல்லாம் நெட்டுக்குத்தான அச்சில் திரும்பித்தான். பழக்கமும் அந்தப் பக்கமே இழுக்கிறது.

ஜப்பானிய உளவியலாளர் யோதாரோ டக்கானோ 1998-இல் இதைப் பற்றி எழுதியபோது, எழுத்து மாறித் தெரிவதும் தன் உருவம் மாறித் தெரிவதும் இரண்டு தனித்தனி நிகழ்வுகள் என்று வாதிட்டார். நாம் செய்ததும் அதையே காட்டுகிறது. எழுத்தில் திருப்புவது கை, உருவத்தில் திருப்புவது மனம். தன் பிம்பத்தில் எதுவும் மாறியதாகவே தோன்றாதவர்களும் உண்டு. அவர்கள் மனதால் நடந்துபோகவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைத் திருத்தப் போகாதீர்கள், அவர் பார்ப்பதும் சரி.

ஐந்தாம் படி: படுத்துப் பாருங்கள்

இரண்டு கண்களும் பக்கம் பக்கமாக இருப்பதால்தான் இடவலம் மாறுகிறது என்று ஒரு விளக்கம் ஊரில் உலவுகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஒன்றும் மாறாது என்பதாலேயே அது விழுந்துவிடும். பூமியின் ஈர்ப்பு காரணம் என்பவர்களுக்கும் சேர்த்து ஒரு சோதனை இருக்கிறது.

தரைவரை வரும் கண்ணாடி இருந்தால் அதன் முன் பாய் விரித்து, கண்ணாடியைப் பார்த்து ஒருக்களித்துப் படுங்கள். தலை மேற்கே, கால் கிழக்கே, இடப்பக்கம் தரையில். உங்கள் வலது கை இப்போது மேலே இருக்கிறது. அதைக் கூரையை நோக்கித் தூக்குங்கள். பிம்பமும் மேலே உள்ள கையைத்தான் தூக்குகிறது. அது எந்தக் கை என்று கேட்டால், "அவருடைய இடது கை" என்பீர்கள். தலை மேற்கேயே இருக்கிறது, கால் கிழக்கேயே இருக்கிறது.

இப்போது உங்கள் இடவலக் கோடு செங்குத்தாக நிற்கிறது. அதாவது 'மாறியது' என்று நீங்கள் சொல்வது மேல் கீழ்த் திசை. உங்கள் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு அதே கண்ணாடியை அதே நேரம் பார்த்தால், கிழக்கு மேற்குத் திசை மாறியதாகச் சொல்வார். ஒரே கண்ணாடி ஒரே நொடியில் இருவருக்கு இரண்டு விதமாக நடந்துகொள்ள முடியாது. மாற்றத்தை வைத்திருப்பது பார்ப்பவரின் உடம்பு.

ஆறாம் படி: கண்ணாடியை வேறு பக்கம் வையுங்கள்

சின்னக் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து, ஓரத்தில் நின்று குனிந்து பாருங்கள். தலைகீழாகத் தெரிகிறீர்கள். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்து அலை அடங்கியிருக்கும் நேரத்தில் கரையில் நின்றால் இதையே பெரிதாகப் பார்க்கலாம். நடு மண்டபம் நீரில் கவிழ்ந்து நிற்கும். மண்டபத்தின் இடப்பக்கம் நிற்கும் மரம் நீரிலும் இடப்பக்கமே நிற்கும். கண்ணாடி மேல் கீழை மாற்றாது என்று சொல்பவர்கள் குளக்கரையில் நின்று இதைப் பல தடவை பார்த்தவர்கள்தான். கிடைமட்டமாகக் கிடக்கும் கண்ணாடிக்கு நேர்க்குத்தான திசை மேல் கீழ், அதனால் அது மேல் கீழைப் புரட்டுகிறது. முதல் படியில் கண்ட அதே விதி.

அப்புறம் சுவர்க் கண்ணாடிக்கு வலது தோளைக் காட்டி நில்லுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்களோ அந்தப் பக்கமே பிம்பமும் பார்க்கிறது. இப்போது புரண்டிருப்பது உங்கள் இடவலத் திசையேதான். இந்த ஒரு நிலையில் மட்டும் 'இடவல மாற்றம்' என்ற பள்ளிச் சொல் எழுத்துக்கு எழுத்து உண்மை.

ஏழாம் படி: மாற்றாத கண்ணாடி ஒன்றைச் செய்யுங்கள்

இரண்டு சின்னக் கண்ணாடிகளையும் பக்கத்தில் பக்கமாக, முகம் கீழாக மேசைமேல் வைத்து, முதுகுப்பக்கம் செல்லோடேப் ஒட்டிப் புத்தகம் போல மடங்கும்படி செய்யுங்கள். விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க அதைச் சுற்றியும் டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு இணைப்பு செங்குத்தாக இருக்கும்படி மேசைமேல் நிறுத்தி, ஒரு தடித்த புத்தகத்தின் மூலையை உள்ளே வைத்துச் சரியாக 90 பாகைக்குத் திறங்கள். புத்தகத்தை எடுத்துவிட்டு இணைப்புக் கோட்டுக்கு நேராகப் பாருங்கள்.

முகம் தெரியும். முகத்தின் நடுப்பகுதி ஒடுங்கியோ அகன்றோ தெரிந்தால் கோணம் சரியில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள். நடுவில் மெல்லிய கோடு ஒன்று இருந்துகொண்டேயிருக்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது. சரியாக வந்ததும் வலது கண்ணைச் சிமிட்டுங்கள். பிம்பமும் தன் வலது கண்ணைச் சிமிட்டும். எழுத்தைக் காட்டினால் நேராகப் படிக்கும். மற்றவர்கள் உங்களை எப்படிப் பார்க்கிறார்களோ அந்த முகம் இது. பலருக்குத் தன் முகமே கோணலாகத் தெரியும், தினமும் பார்த்துப் பழகியது புரண்ட முகம் என்பதால். இந்தக் கண்ணாடியில் தலை சீவ முயன்றால் சீப்பு வேறு பக்கம் போகும்.

இங்கே ஒளி இரண்டு முறை பட்டுத் திரும்புகிறது. ஒரு கண்ணாடி z-ஐப் புரட்டியது, இரண்டும் சேர்ந்து x-ஐயும் z-ஐயும் புரட்டுகின்றன. மேலே எழுதிய 'நடந்துபோய்த் திரும்பல்' இதேதான். மனம் செய்துகொண்டிருந்த கற்பனையை இரண்டு கண்ணாடிகள் நிஜமாகவே செய்துவிட்டன.

அடுத்து அந்த ஜோடியைக் கையில் எடுத்து, இணைப்புக் கோடு படுக்கும்படி மெதுவாகச் சுழற்றுங்கள். நீங்கள் சுழற்றும் அளவைப் போல இரண்டு மடங்கு உங்கள் முகம் சுழலும். 45 பாகை சுழற்றினால் முகம் படுத்துக்கொள்ளும். இணைப்புக் கோடு முழுதும் படுத்ததும் முகம் தலைகீழாக நிற்கும். தனிக் கண்ணாடியைச் சுழற்றியபோது எதுவும் மாறவில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். இதில் மாறுகிறது, ஏனென்றால் இதற்கு இணைப்புக் கோடு என்று ஒரு திசை இருக்கிறது. தனிக் கண்ணாடிக்குத் தன் பரப்புக்குள் அப்படி எந்தத் திசையும் கிடையாது.

கைபேசியின் முன்பக்கக் கேமராவும் இதோடு தொடர்புள்ளதுதான். திரையில் தெரியும் படத்தைக் கண்ணாடி போலப் புரட்டிக் காட்டுகிறார்கள், நமக்கு அதுதான் பழக்கம் என்பதால். சேமித்த படம் பல கைபேசிகளில் புரளாமல் வரும். படம் எடுத்ததும் வகிடு பக்கம் மாறிவிட்டதாகத் தோன்றுவது அதனால்தான். எது புரண்டது என்று சந்தேகம் வந்தால் சட்டையில் உள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

எட்டாம் படி: எவ்வளவு திருப்பினாலும் மாறாத ஒன்று

இவ்வளவுக்குப் பிறகு, எல்லாம் நாம் வைத்த பெயர்தான், கண்ணாடி ஒன்றுமே செய்வதில்லை என்று தோன்றலாம். அது சரியல்ல. எந்தத் திசையை மாற்றியது என்று சொல்வது நம் விருப்பம். ஆனால் ஒரு திசை மாறியது என்பது விருப்பம் அல்ல.

வலது கையைக் கண்ணாடிக்குக் காட்டுங்கள். உள்ளே தெரிவது இடது கையின் வடிவம். அதை எப்படிச் சுழற்றினாலும் வலது கையுறைக்குள் பொருத்த முடியாது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1783-இல் இதையே எடுத்துக்காட்டாகச் சொன்னார்: என் கைக்கும் அதன் கண்ணாடி உருவத்துக்கும் எல்லா விதத்திலும் ஒற்றுமை இருக்கிறது, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது. ரப்பர் கையுறையை உள்வெளியாகப் புரட்டினால் வலது கையுறை இடது கையுறை ஆகிவிடும். திருப்பினால் ஆகாது, புரட்டினால்தான் ஆகும். முன்பினைப் புரட்டினாலும் சரி, இடவலத்தையோ மேல் கீழையோ புரட்டினாலும் சரி, வருவது அதே மாற்றுக் கையின் வடிவம்தான். கடைசியில் எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பது மட்டும் மாறும். அதனால்தான் பிம்பத்தைப் பார்த்து 'இடவலம் மாறியது' என்றும் 'முன்பின் மாறியது' என்றும் இரண்டையும் சொல்ல முடிகிறது.

இப்போது சங்கை எடுங்கள். மன்னார் வளைகுடாவில் குளித்தெடுக்கும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. ஊதும் பக்கம் கீழேயும் கூரிய வால் பக்கம் மேலேயுமாக, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் திறப்பு இடப்பக்கம் இருக்கும். திறப்பு வலப்பக்கம் இருப்பது வலம்புரி, மிக அரிது, அதனால்தான் அந்த விலை. உயிரியலாளர்கள் இதே சங்கைச் சுருள் முனை மேலே இருக்கும்படி தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறார்கள். அவர்கள் கணக்கில் நம் இடம்புரி வலச்சுருள், நம் வலம்புரி இடச்சுருள். பெயர் நேர் எதிர், சங்கு ஒன்றுதான். பிடிக்கும் விதம் மாறினால் பெயர் மாறும், சுருள் மாறாது. கடையில் வாங்கிய இடம்புரியைக் கவிழ்த்துப் பிடித்து யாரும் வலம்புரி ஆக்கிவிட முடியாது.

கையில் உள்ள இடம்புரியைக் கண்ணாடி முன் நீட்டுங்கள். உள்ளே தெரிவது வலம்புரி. கண்ணாடியைச் சுவரில் மாட்டினாலும், தரையில் கிடத்தினாலும், தலைக்கு மேல் பிடித்தாலும், சங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும், அது வலம்புரியாகவே இருக்கும்.